ஆரு கண்டா? – எல்லையோரத் திருவிழாவுக்கான ஒரு பாவைக்கூத்துப் பனுவல் குறித்து

பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விளக்கிலிருந்தே தொடங்குகின்றனர். ஏறத்தாழ 42 அடி நீளமுள்ள கூத்துமாடம், திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எரியும் 21 எண்ணெய் விளக்குகள், வெண்துணியில் நடுங்கும் நிழல் ஆகியவை கண்ணைக் கவர்பவை, ஒளிப்படத்துக்கும் உகந்தவை. ஆனால் அக்கூத்தின் உயிர்நாடி நிழலில் இல்லை. மாடத்துக்குள் ஒரு புலவர் கம்பனின் பாட்டைச் சொல்லி விரித்துரைக்கும்போது, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் உடனிருப்பவர் ‘ஆ…’ என்று நீட்டி ஒலிக்கிறாரே, அந்த ஒலியில்தான் இருக்கிறது.

இந்த ஒலியைச் சடங்கு என்றோ பழக்கம் என்றோ கடந்து செல்வது எளிது. அது செய்யும் வேலையைக் கவனித்தால் அவ்வாறு கடக்க இயலாது. முதலாவது, விரித்துரைப்பவருக்கு அடுத்த வாக்கியத்தைத் திரட்டிக்கொள்ள அது இடைவெளி தருகிறது. இரண்டாவது, ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்’ என்று ஒப்புகிறது. மூன்றாவதே முக்கியமானது: அடுத்துப் பேசப்போகிறவர் தாம் என்பதை உடனிருப்பவர் அறிவிக்கும் வழியும் அதுவே. ஏனெனில் ‘ஆ’ ஒலித்தவர் சிறிது நேரத்தில் எதிர்த்தரப்புப் பாவையின் குரலாக மாறி வினா எழுப்புவார். வினா கடினமாக இருக்கும். முதற்புலவரின் படிப்பைச் சோதிப்பதாகவும் இருக்கும். இவ்வாறு இருவருக்கிடையே நிகழும் சொற்போரில் ஒரு பாட்டுக்கான விளக்கம் விரிந்துகொண்டே போகும். ஏழு இரவுகள், பதினான்கு இரவுகள், இருபத்தொரு இரவுகள் எனக் கூத்து நீள்வதற்குக் கதையின் நீளம் மட்டும் காரணமன்று.

இதற்கு மேல் ஒரு வியப்பும் உண்டு. மாடத்தின் முன்னுள்ள திடலில் பல இரவுகளில் கேட்பதற்கு ஆளே இருப்பதில்லை. தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம–இராவணப் போரைக் காண முடியாமற்போன பத்திரகாளிக்காகவே இக்கூத்து நிகழ்கிறது என்பது மரபு. ஆகவே பார்ப்பவள் தேவி. மக்கள் வந்தாலும் வராவிட்டாலும் கூத்து நடக்கும். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியான தம் நூலில் இந்நிலையை நுணுகி ஆராய்ந்தார். வெளியே கேட்போர் இல்லாத நிலையில் புலவர்கள் ஒருவருக்கொருவர் கேட்போராக மாறிவிடுகின்றனர் என்பது அவர் கண்டது. திடலில் கிடைக்காத பதிலை மாடத்துக்குள்ளேயே அவர்கள் உண்டாக்கிக்கொண்டனர்.

ஊர்த் திருவிழாவுக்குப் பத்து நிமிடப் பாவைக்கூத்து ஒன்றைத் தமிழில் எழுத முனைவோர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இன்று பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், கிருஷ்ணன்குட்டிப் புலவர் போன்றோரின் முயற்சியால் தோல்பாவைக்கூத்து கோயில் மாடத்தைவிட்டு அரங்கங்களுக்கு வந்தது. இரவுக்கணக்கில் நிகழ்ந்தது மணிக்கணக்குக்குச் சுருங்கியது. அந்தப் பெயர்ச்சி நிகழ்ந்திராவிட்டால் இன்று கூத்தைப் பற்றிப் பேசுவோரில் பலர் அதைக் கண்டிருக்கவே மாட்டார்கள். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சுருக்கும்போது எதை வெட்டுவது என்ற வினாவுக்குக் கிடைத்த விடை விவாதத்துக்குரியது. போரும் வேட்டையும் பறக்கும் அனுமனும் எஞ்சின, சொற்போர் வெட்டுண்டது. அதைப் பார்த்து எழுதப்படும் விழிப்புணர்வுக் கூத்துகள், ஒரு கதைசொல்லி கருத்தை உரைக்கப் பாவைகள் அதற்கேற்பக் கையசைக்கும் வகையினவாக அமைந்துவிடுகின்றன. அவற்றில் எந்தப் பாவைக்கும் எதிர்க்குரல் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் அத்தகைய கூத்தை இரண்டு நிமிடத்துக்கு மேல் எவரும் நின்று பார்ப்பதில்லை என்றால் குற்றம் கூட்டத்துடையதன்று.

வெட்ட வேண்டியது கதை. வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு குரல்கள், அவற்றுக்கிடையே திரும்பத் திரும்ப வரும் ஒரு பதில். மாடத்துக்குள் உடனிருப்பவர் ஒலித்த ‘ஆ’வைத் திடலில் நிற்கும் ஊர் ஒலிக்கும்படி செய்துவிட்டால் போதும்.

இரண்டு பாவைகளைக் கொண்டு ஓர் உலகையே காட்டலாம் என்பதற்குத் தென்தமிழகத் தோல்பாவைக்கூத்தில் சான்று உள்ளது. அங்கே இராமாயணக் காட்சிகளுக்கிடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வருவார்கள். இராமனுக்கு இல்லாத உரிமை இவ்விருவருக்கும் உண்டு: அவ்வூர்ப் பேச்சில் பேசலாம், அவ்வூர்ச் செய்தியைச் சொல்லலாம், பெரிய மனிதரைக் கேலி செய்யலாம். ஒரே கலைஞர் இரு குரலிலும் பேசுவதால் ஒரு குரல் உச்சத்திலும் மற்றது அடித்தொண்டையிலும் அமையும். திரையைப் பார்க்காமல் கடலை வாங்கிக்கொண்டிருப்பவருக்கும் யார் பேசுகிறார் என்பது தெரியும். திருவிழாப் பனுவலுக்கு இது அணியன்று, தேவை. அ.கா. பெருமாள் போன்றோர் இக்கூத்தைப் பதிவு செய்திருக்கும் வகையில், தொகுக்க வேண்டியது பாட்டு மட்டுமன்று, இத்தகைய பேச்சும்தான் என்பது ஆய்வாளருக்கு விளங்கும்.

இனி எல்லையோரத்துக்கு வருவோம். பாலக்காட்டில் சிற்றூர் வட்டாரத்திலும், இடுக்கியில் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டாரங்களிலும் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினர். 1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீருமேடும் எந்தப் பக்கம் என்பது பெரும் பூசலாக இருந்து, இறுதியில் கேரளத்திலேயே நின்றன. தோல்பாவைக்கூத்து பாரதப்புழை பாயும் நிலத்துக்குரியது. இடுக்கி மலைத்தோட்டங்களில் கூத்துமாடம் இல்லை. ஆனால் தோட்டத்து மாரியம்மன், காளியம்மன் கோயில்களின் திருவிழாக்கள் உண்டு. அத்திடலில் நிற்கும் கூட்டம் கலந்த கூட்டம். மூன்றாம் தலைமுறைத் தோட்டத்துத் தமிழர், மலையாளவழிப் பள்ளியில் படித்து வீட்டில் தமிழ் பேசும் சிறுவர், கடை வைத்திருக்கும் மலையாளிகள் எனப் பலர் அருகருகே நிற்கிறார்கள். இக்கூட்டம் முழுவதும் ஒரே மூச்சில் ஒலிக்கத்தக்க பதில் எது? பனுவலாசிரியரின் முதல் வேலை அந்த வரியைக் கண்டுபிடிப்பது. கதை அதற்குப் பின்னரே வரும்.

‘ஆரு கண்டா?’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளலாம். பேச்சுத்தமிழில் ‘யாரு கண்டா’ என்றால் ‘யாருக்குத் தெரியும்’ என்றும் பொருள், ‘யார் பார்த்தது’ என்றும் பொருள். கொங்கு வட்டாரத்தில் ‘யாரு’ எளிதில் ‘ஆரு’ ஆகும். மலையாளத்தில் ‘ஆரு கண்டு’ என்பதும் ஏறத்தாழ அதே ஓசையோடு அதே பொருளைத் தரும். இதற்குப் பதில், ‘மல கண்டது!’ எழுத்தில் ‘மலை’ என்றிருப்பது இரு மொழிப் பேச்சிலும் அருகருகே வந்துவிடுகிறது. கேள்வி நான்கு அசை, பதில் மூன்றே. ஐந்து வயதுக் குழந்தை இரண்டாம் முறை கேட்டவுடன் சொல்லிவிடும்.

இத்தகைய சொற்கள் அப்பகுதியில் ஏற்கெனவே உருவாகியுள்ளன. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைமைகளைப் புறந்தள்ளி நடத்திய போராட்டம் ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் அறியப்பட்டது. ‘பொம்பிளை’ பேச்சுத்தமிழ், ‘ஒருமை’யோ இரு மொழியினரும் தத்தம் சொல்லென்று உரிமை கொண்டாடத்தக்கது. அப்பெண்களின் முழக்கங்கள் தமிழில் ஒலித்தன. ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிச் சொன்னார்கள். திருவிழாத் திடலில் நிற்கும் பெண்களுக்கு எடுப்பும் பதிலும் பாவைக்கூத்து கற்பிக்க வேண்டிய ஒன்றன்று.

கதைக்கு ஒரே நிகழ்ச்சி போதும்: கொழுந்து நிறுக்கும் இடம். நாளொன்றுக்கு 21 கிலோ என்பது அப்போராட்டக் காலத்தில் கேரளத் தோட்டங்களில் பேசப்பட்ட அடிப்படை அளவு. பாவைகள் இரண்டு: கொழுந்தெடுக்கும் பாட்டி ஒருத்தி, கங்காணி ஒருவர். அவற்றோடு ஒரு தராசும் ஒரு சாக்கும். எடுத்துக்காட்டாக இங்கு எழுதப்பட்ட பனுவல் பின்வருமாறு அமையும்.

(திரையில் தராசு மட்டும் தெரிகிறது. கங்காணி வருகிறார்.)

கங்காணி: என்ன இது, இவ்வளவு கூட்டம்? கொழுந்து நிறுக்க வந்தீங்களா, கூத்துப் பாக்க வந்தீங்களா? எதுவானாலும் நான்தான் கணக்கு எழுதணும்.

பாட்டி (உள்ளிருந்து): வர்றேன் கங்காணி ஐயா. சாக்கு முன்னால வருது, நான் பின்னால வர்றேன்.

கங்காணி: ஏன் பாட்டி இவ்வளவு நேரம்? தூங்கிட்டு வர்றியா?

பாட்டி: தூக்கமா? வெளிச்சம் வர்றதுக்கு முன்னாலயே மலை ஏறினேன் ஐயா. ஒரு வாய் தண்ணி குடிக்கல.

கங்காணி: ஆரு கண்டா?

பாட்டி (கூட்டத்தைப் பார்த்து): மலதான் கண்டது. ஐயாவுக்குக் காது மந்தம், நீங்களும் சொல்லுங்க. ஆரு கண்டா?

கூட்டம்: மல கண்டது!

கங்காணி: மலை வந்து சாட்சி சொல்லுமாக்கும். வை, சாக்க வை. இருபத்தேழு. சாக்குக்கு ரெண்டு போச்சு.

பாட்டி: சாக்கு ரெண்டு கிலோவா ஐயா?

கங்காணி: ஈரத்துக்கு மூணு போச்சு.

பாட்டி: மழை நின்னு நாலு நாளாச்சே!

கங்காணி: ஆரு கண்டா?

கூட்டம்: மல கண்டது!

கங்காணி: முத்தின இலைக்கு ரெண்டு போச்சு.

பாட்டி: முத்தின இலையா? இந்தக் காட்டுல முத்தினது நான் ஒருத்திதான் ஐயா. என்னையும் சேத்தா நிறுத்தீங்க?

கங்காணி: ஆக மொத்தம் இருபது. இருபத்தொண்ணு வேணும். ஒண்ணு குறையுது பாட்டி, நான் என்ன செய்ய?

பாட்டி: ஒண்ணும் செய்ய வேணாம். இந்தச் சாக்கு எத்தன வருசமா உங்க தராசுல ஏறுது! இன்னிக்கு ஒரு தடவ அது மட்டும் ஏறட்டும்.

கங்காணி: வெறுஞ்சாக்கா? எதுக்கு?

பாட்டி: அதுக்கும் வயசாச்சு. சாகுறதுக்குள்ள தன்னோட எடை தெரிஞ்சுக்கணும்னு ஆசப்படுது.

(ஒரு தட்டில் இரண்டு கிலோக் கல். மறுதட்டில் வெறுஞ்சாக்கு. கல் ‘டொக்’ என்று கீழே இறங்க, சாக்கு மேலே பறக்கிறது.)

கங்காணி: காத்து. காத்தடிக்குது.

பாட்டி: காத்துன்னா கல்லும் ஆடணுமே ஐயா.

கங்காணி (முகத்தைத் திருப்பிக்கொண்டு): நான் எதையும் பாக்கல. சாக்கு பறந்துச்சாம்! ஆரு கண்டா?

(பாட்டி பேசவில்லை.)

கூட்டம்: நாங்க கண்டோம்!

இவ்வளவுதான் பனுவல். படித்தால் மூன்று நிமிடம். பாவைகளின் நடையும் தராசின் ஆட்டமும் கூட்டத்தின் சிரிப்பும் சேர்ந்தால் பத்து நிமிடத்தை நெருங்கும்.

இதில் தராசு தட்டுத்தராசாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முள் சுழலும் தொங்குதராசை நிழலில் காட்டினால் பின்வரிசையில் நிற்பவருக்கு எண் தெரியாது. கங்காணி சொன்னதே எடை என்றாகிவிடும். தட்டுத்தராசின் சாய்வோ எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும், மொழி தெரியாதவருக்கும் தெரியும். ‘இரண்டு கிலோ’ என்ற சொல் அக்கணத்தில் ஒரு காட்சியாகிறது. கங்காணியின் கணக்கில் உள்ள மூன்று கழிவுகளில் சாக்கை மட்டும் பாட்டி சோதிப்பதும் இதனால்தான். ஈரத்தையும் முத்தலையும் திரையில் மெய்ப்பிக்க முடியாது. அவற்றை மெய்ப்பிக்க முயன்றால் பனுவல் வாதாட்டமாக நீண்டு, கூட்டம் இராட்டினத்தின் பக்கம் நகர்ந்துவிடும்.

பதில்வரி வரும் இடங்களையும் கவனிக்க வேண்டும். முதல் முறை பாட்டியே பதிலைச் சொல்லிக் கொடுக்கிறாள். இரண்டாம் முறை சொல்லிக் கொடுப்பதில்லை. கங்காணி கேட்டவுடன் கூட்டம் தானாகச் சொல்ல வேண்டும். அடுத்த கழிவில், கூட்டம் அதே வரியை எதிர்பார்த்து வாயெடுக்கும் இடத்தில், அது வருவதில்லை; பாட்டியின் நகைச்சுவை வந்துவிடுகிறது. இந்த ஏமாற்றம் தேவையானது. ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு பதில் என்று ஒழுங்காக அடுக்கினால் நான்காம் முறைக்குள் வரி வாய்ப்பாடு ஆகிவிடும்; சொல்பவர் என்ன சொல்கிறோம் என்று கேட்காமலே சொல்வார். பள்ளி ஆண்டுவிழாக்களுக்கு எழுதப்படும் பாவை நாடகங்கள் பல இவ்விடத்தில்தான் சாகின்றன. தவிர, பாவையாட்டுபவருக்கு இரண்டு கைகளே உள்ளன. சாக்கை எடுக்கவும் கல்லை ஏற்றவும் நொடிகள் தேவை. கூட்டம் பதில் சொல்லிச் சிரித்து அடங்கும் நேரமே அந்நொடிகள். புலவரின் ‘ஆ’ தந்த இடைவெளியை இங்கே ஊர் தருகிறது.

ஒரு மறுப்பு எழலாம். மலை சாட்சி சொல்கிறது என்பது அழகான கற்பனை. அதை விட்டுவிட்டு இறுதியில் ‘நாங்க கண்டோம்’ என்று ஏன் மாற்ற வேண்டும்? மாற்றாவிட்டால் கங்காணி பிழைத்துக்கொள்வார் என்பதே விடை. மலை எந்த அலுவலகத்திலும் வந்து பேசாது என்பது அவருக்குத் தெரியும். முதலிலேயே அதைச் சொல்லியும்விட்டார். வேடிக்கையாக இருந்த வரி அவருக்குப் பாதுகாப்பான வரியும்கூட. அது உடைய வேண்டும். ஆனால் உடைப்பவள் பாட்டியாக இருக்கக் கூடாது. ‘இப்போது எல்லோரும் நாங்கள் கண்டோம் என்று சொல்லுங்கள்’ என்று பாவை கேட்டுக்கொண்டால், கூட்டம் சொல்லத்தான் செய்யும். ஆனால் அது சொல்லச் சொன்னதைச் சொன்னதாகவே இருக்கும். ஆகவே பாட்டி அவ்விடத்தில் வாய் திறப்பதில்லை. பாவை அசைவின்றித் திரையோடு ஒட்டி நிற்க வேண்டும். சற்றே விலகினாலும் நிழல் மங்கி, அவள் பின்வாங்குவதாகத் தோன்றும்.

கடைசி வரியில் மொழி பிரியும் என்பதும் உண்மை. தமிழர் ‘நாங்க கண்டோம்’ என்பர். மலையாளிகள் ‘ஞங்கள் கண்டு’ என்பர். வேர் ஒன்று, ஈறு வேறு. முதலிரு பதில்களில் ஒரே குரலாக இருந்த கூட்டம் இங்கே இரண்டாகக் கேட்கும். ஒத்திகையின்போது இதைச் சீராக்கி ஒரே வடிவத்தைப் பயிற்றுவிக்கும் ஆசை ஏற்படும், அதற்கு இடங்கொடுக்கலாகாது. சாட்சிகள் இருவர் என்பது கங்காணிக்குக் கேட்கட்டும்.

கூட்டம் பழக்கத்தில் ‘மல கண்டது’ என்றே மறுபடியும் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அது நிகழக்கூடியதே, குறிப்பாகச் சிறுவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தால். அப்போது கங்காணி சிரித்துவிட்டுத் திரையை விட்டு வெளியேறத் தொடங்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் இருபது என்று எழுதிவிட்டதாகவும் சொல்லலாம். பாதி வழியில் நின்று, திரும்பிப் பார்க்காமல், இன்னொரு முறை ‘ஆரு கண்டா?’ என்று கேட்க வேண்டும். தராசு திரையிலேயே, சாக்கு மேலும் கல் கீழுமாகச் சாய்ந்தபடி இருக்கும். அதற்கும் மலைதான் பதில் என்றால், கங்காணி போய்விடுவார். பாட்டி தன் சாக்கைத் தட்டிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டு இறங்குவாள். அன்றைய கூத்து அங்கே முடிந்தது என்று விளக்கை அணைத்துவிட வேண்டியதுதான்.